நானூறு பத்திரிகைக்கு எந்த அச்சு?

கோவளத்தில் கல்யாணத்துக்குக் குறைவே இல்லை. தெற்கே சிறிது தூரத்தில் திருவிடந்தை. மணமாகாதவர்கள் நித்யகல்யாணப் பெருமாளை வேண்டி, மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றும் கோயில் அங்கே இருக்கிறது. ஊருக்குள் கார்மேல் மாதா கோயிலும், தமீம் அன்சாரி தர்காவும் இருக்கின்றன. கடலை ஒட்டிய விடுதிகளுக்கு வெளியூர்க்காரர்களும் கல்யாணம் நடத்த வருகிறார்கள். முகூர்த்தம் ஊரில், வரவேற்பு தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் என்று பிரித்து வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

இவர்கள் அடிக்கும் பத்திரிகையின் எண்ணிக்கை மாறிவிட்டது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று அடித்த வீடுகளில் இன்று முந்நூறு, நானூறு போதும் என்கிறார்கள். நேரில் போய்த் தட்டில் வைத்து அழைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் அச்சுப் பத்திரிகை, மற்றவர்களுக்கு வாட்ஸப். ஆயிரம் அடித்த காலத்தில் ஆஃப்செட்டைத் தவிர வேறு யோசனைக்கு வேலையில்லை. நானூறில்தான் குழப்பம் வருகிறது. தாம்பரத்தில் ஒரு கடை டிஜிட்டல் என்கிறது, பாரிமுனையில் ஒரு கடை ஆஃப்செட் என்கிறது. இரண்டு கடையும் சொல்லும் தொகை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது என்பதே இந்தக் கட்டுரை.

இரண்டு மெஷின், இரண்டு வழி

ஆஃப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலுமினியப் பிளேட் வேண்டும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு. பிளேட்டில் எழுத்து இருக்கும் இடம் மையைப் பிடிக்கும், மற்ற இடம் தண்ணீரைப் பிடித்து மையைத் தள்ளும். அந்த மை நேராகத் தாளில் படாது. முதலில் ஒரு ரப்பர் விரிப்பில் இறங்கி, அதிலிருந்து தாளுக்குப் போகும். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை, மையும் தண்ணீரும் சமநிலைக்கு வரும்வரை தாள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தாள்கள் எல்லாம் வேஸ்ட். நூறு தாளிலிருந்து நூற்றைம்பது தாள்வரை இப்படிப் போவது சாதாரணம். அதன்பின் ஓடும் தாளுக்குச் செலவு மிகக் குறைவு.

டிஜிட்டலில் பிளேட் இல்லை. நம் புறநகர்க் கடைகளில் பெரும்பாலும் இருப்பது டோனர் மெஷின். டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் தூள். மின்னேற்றத்தால் தாளில் ஒட்டிக்கொள்ளும் அந்தத் தூளைச் சூடான உருளை உருக்கித் தாளின்மேல் பதிக்கிறது. முதல் தாளே நல்ல தாள். ஆனால் ஐந்நூறாவது தாளுக்கும் முதல் தாளுக்கான அதே விலைதான்.

டிஜிட்டலில் இன்னொரு வகை, திரவ மையில் ஓடும் இண்டிகோ. 1993இல் வெளிவந்தது, 2002இல் எச்பி நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதிலும் மை ஒரு விரிப்பின் வழியாகவே தாளுக்குப் போகிறது என்பதால் அச்சின் தோற்றம் ஆஃப்செட்டை நெருங்கி நிற்கும். கடைக்காரர் டிஜிட்டல் என்று சொன்னால் டோனரா, இண்டிகோவா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கீழே டிஜிட்டல் என்று நான் சொல்வது டோனரைத்தான்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெண் வீடு கோவளம், மாப்பிள்ளை வீடு தாம்பரம். சொந்தமாக டிசைன் செய்த மல்டிகலர் பத்திரிகை. நடுவில் ஒரு மடிப்பு. மடித்தால் 5¾ அங்குல அகலம், 8½ அங்குல உயரம். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, இரண்டு பக்கமும் அச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு 250, பெண் வீட்டுக்கு 150, மொத்தம் 400.

விரித்த அளவு 11½ × 8½ அங்குலம். டிஜிட்டல் மெஷினில் போகும் 13 × 19 தாளில் இரண்டு பத்திரிகை உட்காரும். 19 × 26 ஆஃப்செட் தாளில் நான்கு உட்காரும்.

இனி வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. கடைக்குக் கடை மாறும், தாளுக்குத் தாள் மாறும். உங்கள் கடைக்காரர் சொல்லும் தொகையை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது.

டிஜிட்டலில் ஒரு பக்கம் அச்சுக்கு 20 ரூபாய், தாளுக்கு 10 ரூபாய் என்று வைப்போம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு தாள் 50 ரூபாய். அதில் இரண்டு பத்திரிகை. ஆக ஒரு பத்திரிகை 25 ரூபாய், நானூறுக்கு 10,000 ரூபாய்.

ஆஃப்செட்டில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே பிளேட்டில் அருகருகே வைத்து, ஒரு பக்கம் ஓட்டி, தாளைத் திருப்பி அதே பிளேட்டில் மறுபக்கத்தையும் ஓட்டிவிடலாம். அதனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு பிளேட் போதும். இரண்டு வீட்டுக்கும் வாசகம் வேறு என்பதால் கறுப்புக்கு மட்டும் இன்னொரு பிளேட். பிளேட் 400 ரூபாய் என்றால் ஐந்துக்கு 2,000. மெஷின் ஓட்டக் கூலி 4,000. இந்தக் கூலி பெரும்பாலும் ஆயிரம் ஓட்டத்துக்கான குறைந்தபட்சத் தொகை. நூறு ஓட்டினாலும் அதுதான். நானூறு பத்திரிகைக்கு நூறு தாள்தான் தேவை, ஆனால் வேஸ்ட்டுக்கு நூற்றைம்பது தாள் வைக்க வேண்டும். தாள் 20 ரூபாய் வீதம் 250 தாளுக்கு 5,000. மொத்தம் 11,000 ரூபாய்.

நமக்குத் தேவையான தாளைவிட வேஸ்ட்டுக்குப் போகும் தாள் அதிகம். சிறிய எண்ணிக்கையில் ஆஃப்செட் விலை ஏறுவதற்கு இதுவே பெரிய காரணம். கடைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. மெஷினின் இயல்பு அப்படி.

இதே விலைகளை வைத்து எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் பார்த்தால் படம் தெளிவாகும். இருநூறு அடித்தால் டிஜிட்டல் 5,000, ஆஃப்செட் 10,000. ஆயிரம் அடித்தால் டிஜிட்டல் 25,000, ஆஃப்செட் 14,000. இரண்டும் சமமாகும் இடம் 450 பத்திரிகை. ஆஃப்செட்டில் எத்தனை அடித்தாலும் மாறாத செலவு 9,000. அதற்குமேல் பத்திரிகை ஒன்றுக்கு 5 ரூபாய்தான். டிஜிட்டலில் மாறாத செலவு கிட்டத்தட்ட இல்லை, பத்திரிகை ஒன்றுக்கு 25 ரூபாய். மாறாத செலவான 9,000த்தை இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 20 ரூபாயால் வகுத்தால் 450 வரும். உங்களுக்குக் கிடைத்த இரண்டு விலைப்பட்டியலையும் இதே மாதிரி பிரித்து வகுத்தால் உங்கள் எல்லைக்கோடு எங்கே என்று தெரிந்துவிடும்.

முந்நூறு, நானூறு என்ற எண்ணிக்கை இந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆயிரம், மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக மட்டும் இங்கே முடிவெடுக்க வேண்டியதில்லை. வேறு மூன்று விஷயங்கள் அதைவிடக் கனமானவை.

இரண்டு வீடு, இரண்டு வாசகம்

நம் பத்திரிகை ஒரே பத்திரிகை அல்ல. பெண் வீட்டுப் பத்திரிகையில் பெண்ணின் பெற்றோர் அழைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெற்றோர் அழைப்பார்கள். தாத்தா பாட்டி பெயர்கள், காலஞ்சென்றவர் பெயர், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற இடத்தில் வரும் உறவினர் வரிசை எல்லாம் மாறும். வரவேற்புக்கு மட்டும் அழைக்கிறவர்களுக்கு இன்னொரு வாசகம் வேண்டும் என்பார்கள். அலுவலக நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் ஐம்பது என்பார்கள். நானூறு என்று சொன்னது கடைசியில் 200, 100, 50, 50 என்று நான்கு பத்திரிகையாகிவிடும்.

டிஜிட்டலுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நான்கு கோப்பு கொடுத்தால் நான்கையும் ஓட்டிவிடும். ஆஃப்செட்டில் ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு கறுப்புப் பிளேட், அதை மாட்டிச் சரிபார்க்கச் சில தாள்கள், கொஞ்சம் நேரம். நான்கு வாசகம் என்றால் நம் கணக்கில் எல்லைக்கோடு 450இலிருந்து மேலே நகரும்.

ஆஃப்செட்டில் இந்தக் கறுப்புப் பிளேட் உபாயம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. மாறும் எழுத்துகள் அனைத்தும் வெறும் கறுப்பில் இருக்க வேண்டும். அரக்கு நிறத்தில் பெயர், பொன்னிறத்தில் தேதி என்று வாசகத்தை மற்ற நிறங்களில் வைத்தால் அந்தந்த நிறத்தின் பிளேட்டையும் மாற்ற வேண்டிவரும். இதை டிசைன் செய்யும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். கோப்பு பிரஸ்ஸுக்குப் போனபின் நினைத்துப் பயனில்லை.

பிழை திருத்தமும் இதோடு சேர்ந்தது. பெரியப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுப்போனது அச்சானபின்தான் கண்ணில் படும். டிஜிட்டலில் ஒரு தாளை அதே கார்டில், அதே மெஷினில் ஓட்டிக் கையில் வாங்கி, மடித்து, வீட்டுப் பெரியவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு மீதியை ஓட்டலாம். அந்தப் புரூஃப்தான் பத்திரிகை. ஆஃப்செட்டில் நமக்குக் காட்டும் புரூஃப் பெரும்பாலும் வேறொரு மெஷினில் எடுத்தது. எழுத்துப் பிழை பார்க்க அது போதும், நிறம் பார்க்கப் போதாது. கடைசி நேரத்தில் இன்னும் முப்பது வேண்டும் என்றாலும் இதே கதைதான். டிஜிட்டலில் முப்பதுக்கு உண்டானதைக் கொடுத்தால் போதும். ஆஃப்செட்டில் வேஸ்ட்டும் ஓட்டக் கூலியும் முதலிலிருந்து வரும்.

புள்ளி தெரிகிறதா?

தமிழ்ப் பத்திரிகையில் அச்சின் தரத்தைப் பார்க்க வேண்டிய இடம் படம் அல்ல, பொடி எழுத்து. பிள்ளையார் படமும் மயில் இறகும் இரண்டு மெஷினிலும் நன்றாகத்தான் வரும். உறவினர் பெயர்கள் எட்டுப் பாயிண்டில், அரக்குப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வரும் இடத்தைப் பாருங்கள். ‘ண’வின் சுழிகள் அடைபட்டிருக்கும். மேலே உள்ள புள்ளி காணாமல் போயிருக்கும். ‘கண்ணன்’ என்ற பெயரில் இரண்டு புள்ளி. இரண்டும் அடைந்துவிட்டால் படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காரணம் எளிது. அரக்கு நிறம் நான்கு மையும் கலந்து உண்டாவது. ஆஃப்செட்டில் ஒரு நிறம் முடியளவு நகர்ந்தாலும் வெள்ளைப் புள்ளியை அது மூடிவிடும். டோனரில் உருகும்போது தூள் சற்றுப் பரவுவதால் அதே புள்ளி சுருங்கும். மெஷினை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. பின்னணியை வெளிர் நிறமாக்கி எழுத்தை அடர்த்தியாக்குவதுதான் வழி. வெள்ளை எழுத்துதான் வேண்டும் என்றால் பத்துப் பாயிண்டுக்குக் குறையாமல், தடித்த எழுத்தில் வையுங்கள்.

கறுப்பு எழுத்திலும் ஒரு வலை இருக்கிறது. போனிலோ ஃபோட்டோஷாப்பிலோ ஆர்ஜிபி நிறத்தில் செய்த டிசைனை அச்சுக்கு மாற்றும்போது கறுப்பு எழுத்து நான்கு மைக் கலவையாகிவிடும். திரையில் கறுப்பாகவே தெரியும். அச்சில் எழுத்தைச் சுற்றி மெல்லிய சிவப்போ நீலமோ கரை கட்டும். கோப்பில் எழுத்தின் நிறத்தைத் தொட்டுப் பார்த்தால் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஆஃப்செட்டின் கறுப்பு எழுத்து கத்தியால் வெட்டிய மாதிரி வரும். இந்த ஒரு விஷயத்தில் நல்ல ஆஃப்செட்டை டோனர் எட்டுவதில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் டோனர் எழுத்தின் விளிம்பில் தூள் சிதறல் தெரியும். வெறும் கண்ணுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.

எழுத்துரு இன்னொரு தலைவலி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கம்போஸ் செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாசகம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிடும். யூனிகோடில் செய்ததும் சில மென்பொருளில் உடையும். ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே போய் நிற்கும். தர்கா பக்கத்து வீட்டுப் பத்திரிகைகளில் மேலே வரும் அரபி வரிக்கும் இதே ஆபத்து உண்டு, அதில் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து நிற்கும். கோப்பை பிரஸ்ஸுக்கு அனுப்புமுன் எழுத்துகளை எல்லாம் கர்வ்ஸாக மாற்றிவிடுவது இரண்டு அச்சுக்கும் பொது விதி. மாற்றியபின் திருத்த முடியாது என்பதால் மாற்றாத கோப்பை ஒன்று தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

தாள், மஞ்சள், மழை

ஆஃப்செட் மை தாளுக்குள் கொஞ்சம் இறங்கி உட்காரும். டோனர் தாளின்மேல் ஒரு தோலாகப் படியும். பத்திரிகைக்கு இந்த வித்தியாசம் மூன்று இடத்தில் தெரியும்.

முதலாவது மடிப்பு. அடர்ந்த அரக்குப் பின்னணியில் டோனர் அச்சை மடித்தால் மடிப்புக் கோட்டில் தோல் வெடித்து வெள்ளை எட்டிப்பார்க்கும். மடிக்குமுன் கிரீசிங் போட வேண்டும், தாளின் நார் ஓடும் திசைக்கு இணையாக மடிப்பு விழ வேண்டும். லேமினேஷன் செய்தால் பெருமளவு தப்பும். ஆஃப்செட்டிலும் கனத்த கார்டுக்கு கிரீசிங் தேவைதான், வெடிப்பு மட்டும் குறைவு.

இரண்டாவது தாளின் மேற்பரப்பு. கைக்காகிதம், துணி போன்ற வரிகள் உள்ள கார்டு, கரடுமுரடான கார்டு ஆகியவற்றில் டோனர் மேடுகளில் ஒட்டும், பள்ளங்களில் ஒட்டாது. நிறம் திட்டுத்திட்டாக வரும். ஆஃப்செட்டின் ரப்பர் விரிப்பு அமுங்கிக் கொடுத்துப் பள்ளத்துக்கும் மையைக் கொண்டுபோகும். கரடுமுரடான கார்டுதான் வேண்டும் என்றால் டோனரில் ஒரு தாள் ஓட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது மஞ்சள். பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவோம். வழவழப்பான லேமினேஷன்மேல் ஈர மஞ்சள் பிடிக்காமல் வழியும், காய்ந்தபின் உதிரும். டோனர் அடர்ந்த மூலையிலும் அப்படித்தான். நான்கு மூலையையும் கொஞ்சம் வெறுமையாக விட்டு, லேமினேஷன் இல்லாத பக்கத்தில் தடவும்படி டிசைன் செய்தால் மஞ்சள் நன்றாகப் பிடிக்கும்.

காய்வது என்ற விஷயத்தில் டோனர் ஜெயித்துவிடும். மெஷினை விட்டு வரும்போதே காய்ந்திருக்கும். அன்றைக்கே வெட்டி மடித்துக் கொடுத்துவிடலாம். ஆஃப்செட் மை காற்றோடு சேர்ந்து இறுகுவதற்கு மணிக்கணக்காகும். அடர்ந்த நிறமும் மை உறிஞ்சாத மெட்டாலிக் கார்டும் சேர்ந்தால் ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். சிவகாசியின் வறண்ட காற்று அச்சுத்தொழிலுக்கு எவ்வளவு துணையோ, நம் கடலோரத்தின் ஈரம் அவ்வளவு இடைஞ்சல். ஆடி கழிந்து ஆவணியில் தொடங்கும் முகூர்த்தங்கள் ஐப்பசி, கார்த்திகை மழைவரை நீளும். அந்த மாதங்களில் அவசரப்படுத்தி வாங்கினால் ஒரு பத்திரிகையின் மை அடுத்ததன் முதுகில் ஒட்டியிருக்கும். அடுக்கின் நடுவிலிருந்து இரண்டை உருவிப் பின்பக்கத்தைப் பார்த்தால் நிழல்போல் அது தெரியும். மழைக்காலத்தில் ஆஃப்செட்டுக்குக் கொடுத்தால் காய்வதற்கென்று இரண்டு நாள் ஒதுக்க வேண்டும்.

ரெடிமேட் கார்டு வேறு கணக்கு

இதுவரை சொன்னது சொந்த டிசைனுக்கு. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கடை கடையாகப் பார்த்து, ஃபாயிலும் எம்போஸும் உள்ள ரெடிமேட் கார்டைத் தேர்ந்தெடுத்து வருகிறவர்களுக்கு விடை மாறிவிடும். அந்தக் கார்டின் மல்டிகலர் வேலை ஆயிரக்கணக்கில் ஏற்கெனவே ஓடி முடிந்தது. அதன் பிளேட் செலவும் வேஸ்ட்டும் அத்தனை கார்டுகளுக்கும் பங்கிடப்பட்டுவிட்டன. நமக்கு மிச்சம் இருப்பது உள்ளே வாசகத்தை ஒரே நிறத்தில் அடிக்கும் வேலை மட்டும்தான்.

அதற்கு மினி ஆஃப்செட் அல்லது ஸ்கிரீன் பிரிண்டிங்தான் சரி. ஒரு நிறம் என்றால் ஒரு பிளேட், நிறங்களை ஒன்றோடொன்று பொருத்தும் வேலை இல்லை, வேஸ்ட் சொற்பம். இருநூறு கார்டுக்கும் இது கட்டுபடியாகும். அடர் சிவப்புக் கார்டில் பொன்னிற எழுத்து வேண்டும் என்றால் ஸ்கிரீன்தான் நல்லது. அதன் மை கனமாக இறங்கி அடியில் உள்ள நிறத்தை மறைக்கும். சாதாரண நான்கு நிற டோனரில் பொன்னிறம் கடுகு நிறமாகத்தான் வரும், சிவப்புக் கார்டில் அதுவும் தெரியாது.

ரெடிமேட் கார்டை டோனர் மெஷினில் விடுவது ஆபத்தும்கூட. டோனரை உருக்கும் உருளையின் சூடு ஃபாயிலின் பசையை இளக்கும். ஃபாயில் உரிந்து உருளையில் ஒட்டினால் பிறகு வரும் தாள்களில் எல்லாம் கறை விழும். எம்போஸ் செய்த மேடு, ஏற்கெனவே விழுந்த மடிப்பு, ஒட்டிய கல் எதுவும் அந்த மெஷினுக்குள் சீராகப் போகாது.

எதைக் கேட்டு முடிவு செய்வது

ஆக, ஆஃப்செட்டா டிஜிட்டலா என்ற கேள்வியைக் கடைசியில் வைக்க வேண்டும். முதல் கேள்வி கார்டு ரெடிமேடா, சொந்த டிசைனா என்பது. ரெடிமேட் என்றால் மினி ஆஃப்செட் அல்லது ஸ்கிரீன், அதோடு விஷயம் முடிந்தது. சொந்த டிசைன் என்றால் எத்தனை வாசகம் என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால், முகூர்த்தத்துக்கு நாள் குறைவாக இருந்தால், எண்ணிக்கை இன்னும் கூடலாம் என்ற சந்தேகம் இருந்தால் டிஜிட்டல். ஒரே வாசகம் அல்லது இரண்டு வாசகம், வரிகள் உள்ள நல்ல கார்டு, பொடி எழுத்து நிறைய, எண்ணிக்கை நானூற்றைம்பதைத் தாண்டும் என்றால் ஆஃப்செட். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கும் வீட்டுக்குப் பிரித்து எழுதிய விலைப்பட்டியல் உதவும். பிளேட் எவ்வளவு, ஓட்டக் கூலி எவ்வளவு, வேஸ்ட்டுக்கு எத்தனை தாள், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதிக் கேளுங்கள்.

நாம் எடுத்துக்கொண்ட கோவளம்–தாம்பரம் வீட்டுக்கு என் பரிந்துரை டிஜிட்டல்தான். தொகையில் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது சிறிய காரணம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அசல் கார்டிலேயே தங்கள் பெயரைப் படித்துப் பார்த்துச் சரி சொல்லலாம் என்பதும், பெண் வீட்டில் இன்னும் இருபது கேட்டால் மறுநாளே கொடுக்கலாம் என்பதும் பெரிய காரணங்கள். அதற்காகப் பின்னணியை வெளிர் நிறமாக்கி, கறுப்பைத் தனிக் கறுப்பாக வைத்து, மடிப்புக்கு கிரீசிங் கேட்டு, மூலைகளை வெறுமையாக விட வேண்டும். இதே வீடு அறுநூறு கேட்டிருந்தால், வாசகமும் இரண்டோடு நின்றிருந்தால், ஆஃப்செட்டுக்குக் கொடுத்து ஒரு வாரம் முன்கூட்டியே கோப்பை அனுப்பச் சொல்லியிருப்பேன்.